அளவுநாடாவா, ரீப்பர் சட்டமா? குறுகிய படிக்கட்டில் குளிர்சாதனப் பெட்டி ஏறுமா என்று பார்க்கும் இரண்டு வழிகள்

சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டிற்கு இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்குவதற்கு முன்பு, அது வாசலில் நுழைந்து படிக்கட்டில் திரும்புமா என்பதை இரண்டு வழிகளில் சோதித்தேன். ஒன்று, அளவுநாடாவால் அளந்து காகிதத்தில் கணக்கிடுவது. மற்றொன்று, பெட்டியின் அளவிலேயே ரீப்பர் கட்டைகளால் ஒரு வெற்றுச் சட்டம் செய்து, அதைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்ப்பது. வாசலுக்கு நாடாவே போதும். திருப்பத்திற்குச் சட்டம்தான் சரி என்பது என் தீர்மானம். கடை ஊழியர் வந்து கண்ணால் பார்த்து “போயிடுமுங்க” என்று சொல்வதை மூன்றாவது வழியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்ப்பது படியின் அகலத்தை மட்டுமே.

வாசலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நிலையின் உள்ளளவை மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் எடுத்து, அவற்றில் சிறியதைக் கொள்ள வேண்டும். கதவு முழுவதும் மடங்காமல் செங்கோணத்திலேயே நின்றுவிடுமானால், அதன் பலகைக் கனம் இடைவெளியிலிருந்து கழியும். தாழ்ப்பாளின் துருத்தலும் கழியும். எங்கள் படிக்கட்டு வாசலில் நிலையின் உள்ளளவு 78 செ.மீ.; கதவும் தாழ்ப்பாளும் 6 செ.மீ. எடுத்துக்கொள்ள, மிஞ்சியது 72. கீலைக் கழற்றிக் கதவை எடுத்து வைத்தால் அந்த 6 செ.மீ. திரும்பக் கிடைக்கும். நாங்கள் பார்த்து வைத்திருந்த பெட்டியின் அகலம் 60, கைப்பிடியோடு ஆழம் 70, உயரம் 170 செ.மீ. அட்டைப்பெட்டியோடு சேர்த்தால் 65, 74, 176. அகலப் பக்கத்தைக் குறுக்கே வைத்தால் அட்டையோடே வாசலில் நுழைந்துவிடும். ஆழத்தைக் கைப்பிடியோடு சேர்த்துக் குறித்திருக்கிறார்களா என்பதை மட்டும் விவரப் பட்டியலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

பக்கவாட்டில் இரு கதவுகள் திறக்கும் பெரிய வகைப் பெட்டி எங்களுக்கு ஆகாது என்பதையும் நாடாவே சொல்லிவிட்டது. அதன் அகலம் ஏறத்தாழ 91, ஆழம் 70. எங்கள் படியின் அகலம் 76. அதில் கைப்பிடிக் கம்பி 6 செ.மீ. உள்ளே வந்து நிற்பதால் உண்மையில் கிடைப்பது 70. ஒரு விரல்கூட இடைவெளி இல்லாத இடத்தில் சட்டம் செய்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

இனி லேண்டிங்கிற்கு வருகிறேன். எங்கள் படிக்கட்டு பாதி ஏறி, லேண்டிங்கில் திரும்பி, எதிர்த்திசையில் மறுபாதி ஏறுவது. லேண்டிங்கின் நீளம் 160, பின்சுவரிலிருந்து கைப்பிடித் தூண் வரை ஆழம் 74 செ.மீ. காகிதக் கணக்கு இங்கே இரண்டு கேள்விகளுக்கு விடை தரும். சாய்த்துக் கொண்டுவந்த பெட்டியை லேண்டிங்கில் நிமிர்த்த எவ்வளவு உயரம் வேண்டும் என்பது முதல் கேள்வி. உயரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், 170-க்கும் 70-க்கும் ஏறத்தாழ 184 செ.மீ. வருகிறது. லேண்டிங்கிற்கு மேலே குறுக்கே ஓடும் உத்திரத்தின் அடிப்பகுதி 198 செ.மீ. உயரத்தில் இருந்தது, ஆகவே நிமிர்த்தலாம். கூரை உயரத்தை அளப்பவர்கள் இந்த உத்திரத்தை விட்டுவிடுவதுண்டு. அளக்க வேண்டியது உத்திரத்தின் அடியைத்தான். இரண்டாவது கேள்வி, நிமிர்ந்த பெட்டி லேண்டிங்கில் நகருமா என்பது. 70 செ.மீ. ஆழமுள்ள பெட்டி 74 செ.மீ. இடத்தில், சுழலாமல் பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த படிவரிசையின் முகப்புக்குப் போய்விடும். அட்டைப்பெட்டியோடு என்றால் ஆழம் சரியாக 74, அது சிக்கிக்கொள்ளும். எனவே அட்டையைக் கீழேயே பிரித்துவிட வேண்டும். காகிதம் இவ்வளவையும் சரியாகவே சொன்னது. நகரும் என்ற முடிவும் சரிதான்.

ஆனால் நகர்ந்த பிறகு பெட்டியின் எந்த முகம் மேற்படியை நோக்கி நிற்கும் என்பதைக் காகிதம் தானாகச் சொல்லாது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது அது உடனே தெரிந்துவிட்டது. முதல் படிவரிசையில் பெட்டியின் முதுகு மேற்படியை நோக்கியிருக்கும். மேலே நிற்பவர் தலைப்பகுதியைத் தம் பக்கம் சாய்த்து இழுக்க, பாரம் முதுகின்மேல் விழும். லேண்டிங்கில் சுழலாமல் பக்கவாட்டில் நகர்த்தினால், எதிர்த்திசையில் போகும் இரண்டாம் வரிசையில் கதவு முகம்தான் மேற்படியை நோக்கி நிற்கும். அப்படியே சாய்த்தால் பாரம் முழுவதும் கதவிலும் கீலிலும் இறங்கும். கதவு திறந்துகொள்ளும் என்பதோடு, கீல் வளைந்தால் கதவோரத்து ரப்பர் பிறகு சரியாகப் படியாது, குளிர் கசியும். முதுகே மறுபடியும் மேற்படியை நோக்க வேண்டுமானால், லேண்டிங்கிலேயே பெட்டியை அரைவட்டம் சுழற்ற வேண்டும். சுழற்றுவதற்கு வேண்டியது அடித்தளத்தின் மூலைவிட்ட அளவு: 60-க்கும் 70-க்கும் அது 92 செ.மீ. விரல்களுக்கும் சேர்த்து ஒரு மீட்டர் வேண்டும்; இருப்பதோ 74. கதவுகளைக் கழற்றிவிட்டால் தீருமா என்றும் பார்த்தேன். ஆழம் சுமார் 62-க்குக் குறைந்தாலும் மூலைவிட்டம் 86-க்கு மேல்தான் வருகிறது. ஆகவே அந்த வேலையால் சுழற்சிக்குப் பயனில்லை.

எஞ்சிய வழி ஒன்றுதான்: இரண்டாம் வரிசையில் சாய்க்காமல், நிமிர்ந்த நிலையிலேயே ஒவ்வொரு படியாக ஏற்றுவது. அதற்கு, உத்திரத்தின் கீழே முதல் படிக்குத் தூக்கும் நேரத்தில் பெட்டியின் 170, படியின் உயரம் 19, தூக்குவதற்கு 3 என 192 செ.மீ. வேண்டும். 198 இருந்ததால் 6 செ.மீ. மிச்சம். இதையும் கணக்காகப் போட்டுவிடலாம். ஆனால் போட வேண்டும் என்று தோன்றுவதற்கே சட்டம் தேவைப்பட்டது. கூடவே, ஆட்கள் எங்கே நிற்பார்கள் என்பதும் சட்டத்தில்தான் புலப்பட்டது. லேண்டிங்கில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு செ.மீ. மட்டுமே இருப்பதால் கை நுழையாது. அடியில் மடித்த கோணிப்பையை விரித்து, லேண்டிங்கின் மறுபாதியில் நிற்பவர் அதைத் தம் பக்கம் இழுக்க, கீழ்ப்படியில் நிற்பவர் பெட்டி சாயாமல் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பெட்டியை ஏற்ற வந்த மூத்த சுமைதூக்கும் தொழிலாளியிடம் சட்டத்தைக் காட்டியபோது, அவர் பார்த்தவுடன் சொன்னார்: “லேண்டிங்ல நிமித்தி வெச்சாத்தானுங்க கை மாத்த முடியும். அப்புறம் மேல வரைக்கும் சாய்க்கக் கூடாதுங்க.” அவர் சொன்னபடியே ஏற்றினார்கள். உள்ளே இருந்த கண்ணாடித் தட்டுகளை முன்னதாகவே எடுத்துவிட்டு, கதவுகளை ஒட்டுநாடாவால் கட்டியிருந்தோம்.

சட்டம் செய்வது எளிது. மரக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரீப்பரில் 170 செ.மீ. நீளத்துக்கு நான்கு துண்டுகள் வேண்டும். பழைய அட்டைப்பெட்டியிலிருந்து 60-க்கு 70 அளவில் இரண்டு அட்டைகளை வெட்டி, ஒன்றை மேலும் ஒன்றைக் கீழுமாக ஆணியடித்து, பக்கங்களில் குறுக்காகக் கயிறு கட்டினால் சட்டம் ஆடாது. அட்டையின் இரண்டு மூலைவிட்டங்களும் 92 செ.மீ. என்று ஒத்து வந்தால்தான் அது செங்கோணமாக இருக்கிறது என்று பொருள். கோணலான சட்டம் உண்மைப் பெட்டி நுழையாத இடத்திலும் நுழைந்துவிடும். கதவின் கைப்பிடியும் மேலே கீல் மூடியும் அந்த 70-க்கும் 170-க்கும் உள்ளே அடங்காவிட்டால், அவற்றின் இடத்தில் அட்டைத் துண்டுகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மாடல்களுக்கு நடுவே முடிவு செய்யாதிருப்பவர்கள், ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய அளவை எடுத்துச் சட்டம் செய்வது நல்லது.

சட்டத்திற்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அதற்குக் கனமே கிடையாது. அறுபது, எழுபது கிலோ பெட்டியால் செய்ய முடியாதவற்றையெல்லாம் அது செய்துவிடும்: கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கலாம், தலைகீழாகக்கூடத் திருப்பலாம். ஆகவே ஏறிப் பார்க்கும்போது இரண்டு கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன். அடிப்பகுதியை ஒரு படி உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது. 45 பாகைக்கு மேல் சாய்க்கக் கூடாது. இரண்டாவது கட்டுப்பாடு கம்ப்ரசருக்காக. அளவுக்கு மீறிச் சாய்த்தால் அதற்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். சாய்த்து ஏற்றிய பெட்டியை மேலே நிமிர்த்தி வைத்து, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்துதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

லேண்டிங் இல்லாமல், திருப்பத்தில் முக்கோணப் படிகள் உள்ள வீடுகளுக்கு நான் சொல்வது அனுபவம் குறைந்த சொல். ஏற்காட்டில் உறவினர் வீட்டின் அத்தகைய படிக்கட்டில் சட்டத்தை மட்டும் கொண்டுபோய்ப் பார்த்தேன். பாரத்தை ஏற்றிப் பார்த்ததில்லை. உள்மூலையில் படி குறுகிக்கொண்டே போவதால் 60-க்கு 70 அடித்தளத்தை எங்கேயும் தட்டையாக இறக்கி வைக்க முடியவில்லை. இறக்கி வைக்க இடமில்லையென்றால் கை மாற்றவும் முடியாது. திருப்பம் முழுவதும் பாரம் ஆட்களின் கையிலேயே இருக்கும். அங்கே சுமார் 120 செ.மீ. உயரமுள்ள ஒற்றைக் கதவுப் பெட்டியே தகும் என்று அவர்களிடம் சொன்னேன். அது கனமும் குறைவு.

கயிறு கட்டி வெளியிலிருந்து மாடிக்கு இழுப்பதையும் சிலர் யோசிப்பார்கள். எங்கள் தெருவில் மின்கம்பிகள் வீட்டு முகப்பை ஒட்டியே போவதால் அந்த எண்ணத்தை அப்போதே விட்டுவிட்டோம்.

சட்டம் லேண்டிங்கில் சிக்கிக்கொண்டால் கடையில் என்ன கேட்பது என்பதும் அதிலிருந்தே தெரியும். லிட்டர் குறைந்த பெட்டி என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒரே அகலமும் ஆழமும் கொண்டு உயரத்தில் மட்டும் குறைந்த மாடலைத்தான் பெரும்பாலும் காட்டுவார்கள். உத்திரத்தில் தலை இடித்தால் அது போதும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினால், கைப்பிடியோடு சேர்த்து ஆழம் 70-க்குக் குறைவான மாடலைத்தான் கேட்க வேண்டும். அதற்காக உயரம் சற்றுக் கூடினாலும், உத்திரத்தின் கீழே படி உயரமும் சேர்ந்து அடங்கும் வரை, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.