அடுப்புக் காயிலை நறுக்கி "ஆயிரம் வாட்" ஆக்கித் தருபவர்களிடம் கவனம்

ரங்கூனில் காலையில் இட்லி, வடை போட்டு விற்கும் வீடு எங்களுடையது. கேஸ் விலைக்குப் பயந்து பாதி வேலை கரண்ட் அடுப்பில்தான் நடக்கும். மண் தட்டின் பள்ளத்தில் சுருள் கம்பி ஓடுமே, அந்த அடுப்பு. மழைக்காலத் தொடக்கத்தில் அதன் காயில் அறுந்துபோனது. டவுனில் ஒரு எலக்ட்ரிக் கடையில் "ஆயிரம் வாட்" என்று கேட்டு வாங்கி வந்தேன். பொட்டலத்தில் எழுத்தே இல்லை. கேட்காமல் விட்டது என் தப்பு.

மாட்டினேன். கம்பி மங்கலாகத்தான் சிவந்தது. இட்லிப் பானை கொதிக்க முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம். திரும்பிப் போனால், "கரண்ட் கம்மியா வருதுண்ணே, காயில் என்ன பண்ணும்?" என்கிறார் கடைக்காரர். நம்ம ஊரில் இது சட்டென்று நம்பக்கூடிய பதில்தான். ஆனால் வயரிங் வேலை தெரிந்த மச்சான் அடுப்பு எரியும்போதே சாக்கெட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தார்: 224 வோல்ட். கரண்டின் மேல் குற்றமில்லை.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, தட்டு ஆறியபின் காயிலின் இரு முனையிலும் ஓம் அளந்தார். 84. கணக்கு இதுதான்:

R = V² / P

R என்பது ஓமில் தடை, V வோல்ட், P வாட். நம்ம லைனுக்குரிய வோல்ட் 230. 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை 1000-ஆல் வகுத்தால் 52.9 ஓம். நிக்ரோம் கம்பி சிவக்கச் சூடானால் தடை சில சதவீதம் ஏறும், அதனால் ஆறிய நிலையில் 50 ஓம் அளவில் இருக்க வேண்டும். என்னுடைய 84 சூட்டில் 88-ஐ ஒட்டி வரும். 52,900-ஐ 88-ஆல் வகுத்துப் பாருங்கள்: 600 வாட். ஆயிரத்துக்குக் காசு வாங்கி அறுநூறு தந்திருக்கிறார்.

ஓம் அதிகமானால் சூடும் அதிகம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. தடை குறைந்தால்தான் கரண்ட் கூடும், வாட்டும் கூடும்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் கடைக்காரர் சண்டை போடவில்லை. "அவ்வளவுதானே" என்று கட்டிங் பிளேயரை எடுத்துச் சுருளில் பத்தில் நான்கு பங்கை நறுக்கினார். மீட்டரில் 50 காட்டினார். எனக்கும் திருப்தி. ஏமாந்தது அங்கேதான்.

மாட்டியதும் பழைய வேகத்தைவிட ஜோராகவே கொதித்தது. ஆனால் கம்பி செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. குட்டைச் சுருளைப் பள்ளம் முழுக்க வர இழுத்திருந்ததில், வளையங்கள் நெருங்கிய இடங்கள் இன்னும் வெளுத்துத் தெரிந்தன. ஒன்பதாம் நாள் அப்படி ஒரு இடத்தில்தான் அறுந்தது.

மச்சான் கம்பியின் குறுக்களவை அளந்தபோதுதான் காரணம் புரிந்தது. 0.4 மில்லிமீட்டர். 50 ஓம் ஆக்க அவர் விட்டுவைத்தது ஆறு மீட்டருக்கும் குறைவு. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் அதே 50 ஓம் வேண்டுமானால் ஒன்பது மீட்டர் போகும். ஆயிரம் வாட் சூடு எந்தக் கம்பியிலும் அதன் மேல்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். என் நறுக்கிய காயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 14 வாட் அளவில் விழுந்தது, தடித்த கம்பியில் அது 7 தான். ஓம் சரி, வாட் சரி, கம்பி தப்பு.

அதனால் கவுண்டரிலேயே ஓமும் அளக்கச் சொல்லுங்கள், கம்பியின் தடிமனும் கேளுங்கள். மீட்டரின் இரு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அரை ஓம் போலச் சிறு எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். பழைய காயிலில் ஒரு துண்டு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தடிமன் வித்தியாசம் தெரியும்.

மாலையில் வோல்டேஜ் 190-க்கு இறங்கும் பேட்டையில் இருப்பவர்கள் வேறு ஆசையில் விழுவார்கள். 53 ஓம் காயில் அங்கே 680 வாட்தான் தரும் என்பதால், 36 ஓம் வாங்கி ஆயிரம் ஆக்கலாம் என்று. ராத்திரி 230 திரும்பி வந்தால் அதே காயில் 1,470 வாட் இழுக்கும், 6.4 ஆம்பியர். 5 ஆம்பியர் சாக்கெட் என்றால் பிளக் சூடேறி உருகவும் கூடும்.

கடைசியாக ஒன்று. நறுக்கிய மிச்சத் துண்டை அந்தக் கடைக்காரர் என் கையிலேயே கொடுத்தார். "சின்னத் துண்டுதானே, சின்ன அடுப்புக்கு ஆகும், வச்சுக்கோங்க." வீட்டில் அளந்தால் 34 ஓம். நேரே 230-இல் போட்டால் நாலு மீட்டர்கூட இல்லாத அந்தக் கம்பி கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு வாட் இழுக்கும். டீ போடும் சின்ன அடுப்புக்கு அதைத்தான் மாட்ட இருந்தேன்.