லாம்டாவா, கிளவுட் ரன்னா: இலவச வரம்பில் எது முதலில் தீரும்?

என் மைத்துனர் ஒரு கூரியர் ஏஜென்சி நடத்துகிறார். அவருக்காக எழுதிய சின்ன ஆப் ஒன்று மாத வாடகை சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. நாளின் பெரும்பகுதி அந்த சர்வர் சும்மாதான் இருக்கும். அதனால் கோட் ஓடும் நேரத்துக்கு மட்டும் காசு வாங்கும் சர்வர்லெஸ்ஸுக்கு மாற்ற முடிவெடுத்து, இலவச வரம்புக்குள் அடங்குமா என்று நான்கு இடங்களில் கணக்குப் போட்டேன். கடைசியில் ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் நின்றேன். காரணம் அழைப்புகளின் எண்ணிக்கை, அதாவது ஃபங்ஷன் எத்தனை முறை ஓடுகிறது என்பது இல்லை. எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான், ஆனால் பெரும்பாலான சின்ன ஆப்களில் முதலில் தீர்வது நினைவகமும் நேரமும் சேர்ந்த கணக்குதான்.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். லாம்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகளும் 4,00,000 ஜிபி-வினாடிகளும் இலவசம். இது முதல் வருடத்தோடு முடிகிற சலுகை இல்லை, தொடர்ந்து கிடைப்பது. கூகுள் கிளவுட் ரன்னில் 20 லட்சம் அழைப்புகள், 3,60,000 ஜிபி-வினாடிகள், அதோடு தனியாக 1,80,000 சிபியு-வினாடிகள். அசூர் ஃபங்ஷன்ஸின் பழைய கன்சம்ஷன் திட்டத்தில் லாம்டாவைப் போலவே 10 லட்சமும் 4,00,000-மும். கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ் மாதக் கணக்கு வைப்பதில்லை: நாளுக்கு 1,00,000 அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி வினாடி சிபியு நேரம்.

ஜிபி-வினாடி என்பது ஒரு ஜிபி நினைவகத்தை ஒரு வினாடி பிடித்து வைத்திருப்பதற்கான அளவு. சூத்திரம் இவ்வளவுதான்:

```
GB-s = invocations × seconds × (MB / 1024)
```

இதில் MB என்பது லாம்டாவில் நாம் ஒதுக்கிய நினைவகம். 512 எம்பி ஒதுக்கிவிட்டு 88 எம்பிதான் பயன்படுத்தினாலும் 512-க்குத்தான் கணக்கு. வினாடி என்பதும் ஃபங்ஷன் உழைத்த நேரம் மட்டுமில்லை, தொடங்கியதிலிருந்து முடியும் வரையான முழு நேரம். வெளி சர்வரின் பதிலுக்குக் கை கட்டிக் காத்திருந்தாலும் மீட்டர் ஓடும்.

மைத்துனரின் ஆப்பில் மூன்று ஃபங்ஷன்கள். முதலாவது, பார்சல் எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் பார்ப்பது: நாளுக்கு சுமார் 6,000 அழைப்புகள், ஒவ்வொன்றும் 120 மில்லி வினாடி, 512 எம்பி. இரண்டாவது, ரசீதை பிடிஎஃப் ஆக்குவது: நாளுக்கு 200, ஒவ்வொன்றும் 4 வினாடி, 1 ஜிபி. மூன்றாவது, நிமிடத்துக்கு ஒரு முறை தலைமை நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு பார்சல் நிலையைக் கொண்டுவருவது. அந்த சர்வர் பதில் சொல்ல 3 வினாடி ஆகும். இதற்கும் யோசிக்காமல் 512 எம்பி வைத்திருந்தேன்.

30 நாள் மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

```
tracking : 180,000 × 0.12 × 0.5 = 10,800
receipt  :   6,000 × 4    × 1   = 24,000
poll     :  43,200 × 3    × 0.5 = 64,800
total    : 229,200 invocations, 99,600 GB-s
```

அழைப்புகளில் 23 சதவீதம், ஜிபி-வினாடியில் 25 சதவீதம். இரண்டும் கால்வாசிதான், நிம்மதி. ஆனால் எது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். வேலை என்று எதுவுமே செய்யாமல் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த மூன்றாவது ஃபங்ஷன், மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது. கனமான வேலை என்று நான் பயந்த பிடிஎஃப் அதில் பாதிகூட இல்லை.

இங்கேதான் நினைவகத்தை எவ்வளவு வைப்பது என்ற கேள்வி வருகிறது. லாம்டாவில் நினைவகத்தைக் கூட்டினால் சிபியுவும் அதே விகிதத்தில் கூடும். 1,769 எம்பியில் ஒரு முழு சிபியு கிடைக்கும். பிடிஎஃப் மாதிரி சிபியுவை உழைக்கவைக்கும் ஃபங்ஷனுக்கு 512 எம்பியிலிருந்து 1 ஜிபிக்குப் போனால் நேரம் ஏறத்தாழ பாதியாகும், அதனால் ஜிபி-வினாடி பெரிதாக மாறாது. ரசீது சீக்கிரம் வருவதுதான் லாபம். காத்திருக்கும் ஃபங்ஷன் அப்படியில்லை. எவ்வளவு நினைவகம் கொடுத்தாலும் எதிர்முனை சர்வர் 3 வினாடிதான் எடுக்கும், கூட்டியதெல்லாம் வீண். அதை 128 எம்பிக்கு இறக்கினேன். 64,800 என்பது 16,200 ஆனது.

இறக்கும் முன் லாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கிளவுட்வாட்ச் லாக்கில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
REPORT RequestId: ... Duration: 2987.41 ms  Billed Duration: 2988 ms
Memory Size: 512 MB  Max Memory Used: 88 MB
```

`Max Memory Used` 88 என்றால் 128 தாங்கும். 115-ஐத் தாண்டி நின்றால் நான் 192 வைப்பேன். பெருக்க வேண்டியது `Duration` இல்லை, `Billed Duration`. 2025 ஆகஸ்டிலிருந்து ஃபங்ஷன் முதல் முறை கண்விழிக்கும் நேரமும், அதாவது கோல்ட் ஸ்டார்ட்டும், எல்லா ஃபங்ஷன்களுக்கும் பில்லில் சேர்கிறது. எப்போதாவது ஒரு முறை ஓடுகிற ஃபங்ஷனில் இது கணிசமாகத் தெரியும். ஊகிப்பதைவிட ஒரு வாரம் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபங்ஷனின் லாக்கையும் தனித்தனியாக கிளவுட்வாட்சின் லாக்ஸ் இன்சைட்ஸில் கூட்டிப் பார்ப்பது நல்லது:

```
filter @type = "REPORT"
| stats count(*) as runs, sum(@billedDuration)/1000 as seconds
```

வருகிற வினாடியை ஒதுக்கிய ஜிபியால் பெருக்கி, 7-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் மாதக் கணக்கு கிடைத்துவிடும். ஏழு நாளுக்குக் குறைக்காதீர்கள், ஒரு ஞாயிறும் ஒரு திங்களும் கட்டாயம் உள்ளே வர வேண்டும். எங்களுக்கு ஞாயிறு கிட்டத்தட்ட சூனியம், திங்கள் இரட்டிப்பு.

128-க்கு இறக்குவதற்கு முன் ஒரு நாள் இந்தச் சராசரிக் கணக்கு என்னைக் கைவிட்டது. எதிர்முனை சர்வர் அன்று முழுக்கப் பதில் சொல்லாமல் தொங்கியது. நான் டைம்அவுட்டை 30 வினாடி என்று வைத்திருந்தேன், அதனால் ஒவ்வொரு ஓட்டமும் 3 வினாடிக்குப் பதிலாக 30 வினாடி நின்றது. கால அட்டவணைப்படி தூண்டப்படும் ஃபங்ஷன் தோற்றால், லாம்டா இயல்பாக இன்னும் இரண்டு முறை முயலும் என்பதை நான் மறந்திருந்தேன். ஆக நாளுக்கு 1,440 ஓட்டம், ஒவ்வொன்றும் மூன்று முயற்சி, முயற்சிக்கு 30 வினாடி, அரை ஜிபி: 64,800 ஜிபி-வினாடி. அந்த ஃபங்ஷன் ஒரு மாதம் முழுக்கத் தின்ன வேண்டியதை ஒரே நாளில் தின்றுவிட்டது. அது மாதம் முழுக்க நீடித்திருந்தால் இலவச வரம்புக்கு மேல் சுமார் 26 டாலர் பில் வந்திருக்கும். எதிர்முனை சர்வர் தொங்குவது என் கையில் இல்லை, டைம்அவுட் என் கையில்தான் இருந்தது. இப்போது 8 வினாடி. மறுமுயற்சியும் பூஜ்யம், எப்படியும் அடுத்த நிமிடம் அதே வேலை மறுபடி ஓடப்போகிறதே.

சரி, இதே ஆப்பை கிளவுட் ரன்னில் வைத்தால்? 20 லட்சம் அழைப்புகள் என்பது கண்ணைக் கவரும். ஆனால் அங்கே தீர்மானிப்பது சிபியு-வினாடி. 1,80,000 என்றால் ஒரு சிபியுவுக்கு 50 மணி நேரம்தான். இயல்பாகக் கிடைக்கும் ஒரு சிபியு, 512 எம்பி அமைப்பில், என் காத்திருக்கும் ஃபங்ஷன் மட்டுமே 1,29,600 வினாடி எடுக்கும், அதாவது 36 மணி நேரம். பிடிஎஃப் 24,000. பார்சல் தேடலில் 100 மில்லி வினாடியின் மடங்காக மேல்நோக்கி ஏற்றுவதால் 120 என்பது 200 ஆகி, 36,000. மொத்தம் 1,89,600, வரம்பு தாண்டிவிட்டது. நினைவகக் கணக்கோ மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. காத்திருக்கும் ஃபங்ஷனுக்குக் கால் சிபியு மட்டும் ஒதுக்கினால் 32,400-க்கு இறங்கி எல்லாம் அடங்கிவிடும், வழியில்லாமல் இல்லை. ஆனால் லாம்டாவில் பார்க்க வேண்டியது ஒரு எண், இங்கே இரண்டு.

கிளவுட் ரன்னுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஒரே இன்ஸ்டன்ஸ் ஒரே நேரத்தில் பல அழைப்புகளைக் கவனிக்கும், அவை ஒன்றின் மேல் ஒன்று விழும் நேரத்துக்கு ஒரு முறைதான் கணக்கு. லாம்டாவில் ஒவ்வொரு அழைப்பும் தனி மீட்டர். ஒரே நொடியில் ஐம்பது பேர் வந்து, ஐம்பதும் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் ஆப் என்றால் கிளவுட் ரன்தான் மலிவு. எங்கள் ஏஜென்சிக்கு நிமிடத்துக்குச் சராசரியாக நான்கைந்து பேர் வருகிறார்கள். அழைப்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதே அபூர்வம்.

அசூரை நான் இரண்டு வாரம்தான் ஓட்டினேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். பழைய திட்டத்தில் ஒதுக்கியதற்கு இல்லாமல், பயன்படுத்திய நினைவகத்தை 128-இன் மடங்காக ஏற்றிக் கணக்கிடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஸ்டோரேஜ் கணக்குக்குத் தனி பில் வரும். புதிய ஃப்ளெக்ஸ் திட்டத்தில் இலவசம் 2,50,000 அழைப்புகளும் 1,00,000 ஜிபி-வினாடிகளும் மட்டுமே. பார்சல் கூடும் மாதத்தில் என் ஆப் அதில் அடங்காது.

கிளவுட்ஃபிளேரில் காத்திருப்புக்குக் கணக்கே கிடையாது, சிபியு நேரம் மட்டும்தான். என் மூன்றாவது ஃபங்ஷனுக்கு அதைவிடப் பொருத்தமான இடமில்லை. பிடிஎஃப் மட்டும் 10 மில்லி வினாடிக்குள் நுழையாது. ஒரு சின்ன ஆப்பை இரண்டு இடத்தில் பிரித்துப் பராமரிக்க எனக்கு மனமில்லை. பிடிஎஃப் இல்லாத ஆப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போயிருப்பேன்.

லாம்டாவில் ஒரு எச்சரிக்கை. முன்னால் ஏபிஐ கேட்வே வைத்தால் அதற்கு நிரந்தர இலவச வரம்பு இல்லை. நான் ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் முகவரியான ஃபங்ஷன் யூஆர்எல் வைத்திருக்கிறேன், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இப்போது மாதக் கணக்கு 51,000 ஜிபி-வினாடி. எதிர்முனை சர்வர் மாதம் முழுக்கத் தொங்கினாலும் 78,000-ஐத் தாண்டாது. தீபாவளி மாதத்தில் பார்சல் மூன்று மடங்காகும் என்று மைத்துனர் சொல்கிறார். தேடலையும் ரசீதையும் மூன்றால் பெருக்கினால் 1,20,600 ஜிபி-வினாடி, 30 சதவீதம். அழைப்புகளோ 6,01,200, அதாவது 60 சதவீதம். நினைவகத்தைச் சரிசெய்த பிறகு, முதலில் தீரப்போவது அழைப்புகள் என்று ஆகிவிட்டது. அது தீர்ந்தாலும் அடுத்த 10 லட்சத்துக்கு 20 சென்ட்தான்.