"கார்டு போச்சு" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று ஒரு சர்வீஸ் ஆள் சொன்னதைக் கேட்டு, வாங்கக் கிளம்பியே விட்டேன். கார்டில் ஒரு குறையும் இல்லை.

இரவில் ரெண்டர் ஓட விட்டுத் தூங்குவது என் வழக்கம். 40 நிமிடம் கழித்தோ 2 மணி நேரம் கழித்தோ திரை கறுத்துத் திரும்பும். ரெண்டர் மென்பொருள் `DXGI_ERROR_DEVICE_REMOVED` என்று சொல்லி நின்றுவிடும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற பதிவு இருக்கும்: டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று, மீண்டுவிட்டதாம்.

அந்த ஆள் ரெஜிஸ்ட்ரியில் `TdrDelay` மதிப்பை 60 ஆக்கி, "சரியாகிவிட்டது" என்று பணம் வாங்கிக்கொண்டார். அன்றிரவே திரை ஒரு நிமிடம் உறைந்து நின்றது, அப்புறம் அதே பிழை. திரும்பப் போனபோதுதான் "கார்டு போச்சு" என்றார்.

கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள் அசைந்து கொடுக்காவிட்டால், அது தொங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்யும். பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருளுக்கு அது கார்டையே பிடுங்கியது மாதிரி. 'ரிமூவ்ட்' என்பது இதுதான். `TdrDelay` அந்த 2 நொடிப் பொறுமையை நீட்டுகிறது, அவ்வளவே. வேலை நிஜமாகவே கனமாக இருந்து நேரம் போதாவிட்டால் அதை 8 அல்லது 10 ஆக்குவதில் பயன் உண்டு. ஆனால் அப்படியானால் பெரும்பாலும் அதே பிரேமில்தான் விழும். எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிரேம். இதை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனவே மின்சாரத்தைச் சந்தேகித்தேன். 220 வாட் கார்டு அது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் வரம்பைக் குறைத்தேன்:

```
nvidia-smi -pl 160
```

இரவு முழுக்க ஓடியது. இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வாட் குறைந்தால் கிளாக்கும் குறையும், ஓவர்கிளாக் தகராறும் அதில் மறைந்துவிடும். கேபினெட்டைத் திறந்தேன். கார்டின் இரண்டு 8 பின் சாக்கெட்டுகளுக்கும், நுனியில் இரண்டாகப் பிரியும் ஒரே கேபிள். கார்டு கண நேரத்துக்குத் தன் வரம்பைத் தாண்டி இழுக்கும். அப்போது அந்த ஒற்றைக் கேபிளில் வோல்டேஜ் சரிந்தால் சிப் தொங்கிவிடும். பவர் சப்ளையுடன் வந்த இன்னொரு கேபிள் பெட்டியிலேயே கிடந்தது. சாக்கெட்டுக்கு ஒன்றாக மாட்டி, வரம்பை மறுபடி 220 ஆக்கி, `TdrDelay` பதிவையும் அழித்தேன்.

மூன்று இரவுகள் தொடர்ந்து ரெண்டர் ஓடியது, 4101 ஒன்றுகூட இல்லை. கேபினெட்டை முதலில் கட்டித் தந்ததும் அதே ஆள்தான். காசைத் திருப்பிக் கேட்டேன். "சாஃப்ட்வேர் வேலைக்கு ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்.