இந்தியில் வந்த அறிவிப்பைக் காட்டிப் பயமுறுத்தி என் போனை ரீசெட் செய்துவிட்டார்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போன் கடைகளுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என் போன் நாக்பூரில் இருக்கும் அண்ணன் கொடுத்தது. திரை இந்தியில்தான் இருக்கும், எனக்கு இந்தி படிக்க வராது. அன்றைக்குக் காலையில் வீட்டில் போனைக் காணோம் என்று கணவர் தன் போனிலிருந்து கூகுளின் போன் தேடும் வசதி வழியாகத் தேடிக் கண்டுபிடித்தார். போன் இருக்கும் இடத்தை இப்படி யாராவது பார்த்தால், பார்க்கப்பட்ட போனில் ஒரு அறிவிப்பு வரும். அது அழியாமல் மேலே அப்படியே இருந்திருக்கிறது.

மாலையில் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டப் போனேன். கடைப் பையன் அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க போனை வேற யாரோ கண்ட்ரோல் பண்றாங்க. ரீசெட் போடலைன்னா பேங்க் காசு போயிடும்” என்றான். செட்டிங்ஸுக்குள் போய் ஏதோ அழுத்தி, “லாக் நம்பர் போடுங்க” என்று நீட்டினான். அப்புறம் 800 ரூபாய் வாங்கிக்கொண்டான். அம்மாவின் கடைசி வருடப் படங்கள் எல்லாம் போய்விட்டன. கேட்டால், “நீங்கதானே நம்பர் போட்டீங்க” என்கிறார் கடைக்காரர்.

மொழி தெரியாவிட்டாலும் எது தேடல் அறிவிப்பு, எது ரீசெட் எச்சரிக்கை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தேடலுக்கான அறிவிப்பு எதையும் கேட்காது, விரலால் தள்ளினால் போய்விடும். ரீசெட் எச்சரிக்கை முழுத்திரையில் வரும். என்னென்ன அழியும் என்று ஒரு பட்டியல், அதற்குக் கீழே உங்கள் ஜிமெயில் முகவரி. திரை எந்த மொழியில் இருந்தாலும் அந்த முகவரி ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். அதற்கடுத்துப் பூட்டு எண் கேட்கும், பிறகு இன்னொரு கடைசித் திரை. அதில் பட்டனை அழுத்தும் வரை எதுவும் அழியாது, பின்னால் வந்துவிடலாம். இந்தித் திரையில் मिटाएं என்று இருந்தால் அழிப்பது, रद्द करें என்றால் ரத்து.

இன்னொன்று முக்கியம். உங்கள் கூகுள் கணக்கைக் கைப்பற்றிய ஒருவர் தொலைவிலிருந்து போனை அழிக்க நினைத்தால், போன் உங்களிடம் அனுமதி கேட்காது, நேராக அழித்துவிடும். ஆகவே ரீசெட்டுக்காக உங்களிடம் பூட்டு எண் கேட்கப்படுகிறது என்றால், அழிக்கப் போவது எதிரில் இருப்பவர்தான். கணக்கின் மீது சந்தேகம் இருந்தால் வேறொரு போனில் கூகுள் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதற்கு ரீசெட் தேவையே இல்லை.

மொழி மாற்றவும் ரீசெட் வேண்டாம், பூட்டு எண்ணும் வேண்டாம். மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும், ‘தமிழ்’ என்று தேடினால் போதும். கடையில் யாராவது அவசரப்படுத்தினால், அந்தத் திரையை உடன் வந்தவர் போனில் கூகுள் டிரான்ஸ்லேட் கேமராவால் காட்டிப் படியுங்கள். என்னைப் போல ஏற்கெனவே காசு கொடுத்திருந்தால் பில் கேட்டு வாங்கிக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.