64 = 65, காணாமல் போன கட்டம்: எது கெட்டிக்கார ஏமாற்று?

துண்டுகளை இடம் மாற்றினால் பரப்பளவு கூடிவிடும் வித்தைக்குப் பிரபலமான வடிவங்கள் இரண்டு. ஒன்று, ஜெர்மன் கணிதர் ஷ்லோமில்க் 1868-இல் அச்சில் வெளியிட்ட சதுரம். மற்றொன்று, நியூயார்க்கைச் சேர்ந்த மந்திரக் கலைஞர் பால் கரி 1953-இல் உருவாக்கிய முக்கோணம்.

சதுரத்தில் நடப்பது இது. 8×8 தாளை 3, 5 அகலமுள்ள இரு பட்டைகளாக வெட்ட வேண்டும். சின்னப் பட்டையை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள். பெரிய பட்டையைச் சாய்வாக வெட்டினால், இணைப் பக்கங்கள் 3-ம் 5-ம் உள்ள இரண்டு சரிவகங்கள். நான்கையும் சேர்த்து 5×13 செவ்வகம் அடுக்கலாம். 64 கட்டம் 65 ஆகிவிடும்!

கரியின் முக்கோணத்துக்கு அடி 13, உயரம் 5. உள்ளே 8×3, 5×2 அளவில் இரண்டு முக்கோணங்களும், 7-ம் 8-ம் கட்டங்கள் கொண்ட இரண்டு படிக்கட்டுத் துண்டுகளும் இருக்கும். முக்கோணங்களை இடம் மாற்றினால் அடியில் ஒரு கட்டம் ஓட்டையாகிறது.

இரண்டிலும் திருடன் ஒருவனே. இரண்டிலும் உள்ள 8×3 முக்கோணத்தின் சாய்வு 3/8, அதாவது 0.375. சரிவகத்தின் சாய்ந்த பக்கமும் கரியின் சின்ன முக்கோணமும் 2/5, அதாவது 0.4. கோணத்தில் ஒன்றேகால் பாகைதான் வித்தியாசம். கண் அதை ஒரே கோடாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒளித்துவைக்கும் விதத்தில்தான் போட்டி.

சதுரம் அந்த ஒரு கட்டத்தை மூலைவிட்டம் நெடுக மெல்லிய இணைகரமாக நீட்டிவைக்கிறது. ஒரு கட்டம் 1 செ.மீ. என்றால், இடைவெளி அதிகபட்சம் செங்குத்தாக 1.25 மி.மீ. துல்லியமாக வெட்டி, கறுப்பு மேசையில் வைத்தால் கோடாகத் தெரிந்துவிடும்.

கரி அதே இணைகரத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார். முதல் அடுக்கில் கர்ணம் உள்ளே குழிந்திருக்கும், பரப்பு 32. இரண்டாவதில் வெளியே புடைத்திருக்கும், ஓட்டையோடு சேர்த்து 33. நிஜ முக்கோணத்துக்கு வேண்டியது 32.5. எந்தப் படத்திலும் விலகல் 0.8 மி.மீ.-ஐத் தாண்டாது, தடித்த பேனாக் கோடு அதை விழுங்கிவிடும். போதாததற்கு, ஓட்டை நம் கண்ணைக் கீழே இழுத்துக்கொள்கிறது. கர்ணத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? ஏமாற்றுவதில் கரிக்கே என் ஓட்டு. படத்தைச் சாய்த்து விளிம்போடு ஸ்கேலை வைத்தால் குட்டு வெளிப்படும்.

ஆனால் பிள்ளைகளுக்குக் காட்டச் சதுரம்தான் சரி, ஏனென்றால் அதை வளர்த்துப் பார்க்கலாம். 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபொனாச்சி எண்கள் இவை. 13×13-ஐ 5, 8 பட்டைகளாக வெட்டி 8×21 ஆக அடுக்கினால் 169 கட்டம் 168 ஆகக் குறையும். இங்கே இடைவெளி விழாது, துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மெல்லிய காகிதத்தில் அது தெரியாது. கெட்டி அட்டையில் செய்தால் விளிம்புகள் முட்டிக்கொண்டு கடைசித் துண்டு உட்காராது.