அப்டேட் நின்றுபோன கேமராக்கள்: கானாடுகாத்தான் வீட்டில் ஆறு வருட அனுபவம்

2019-இல் எங்கள் கானாடுகாத்தான் வீட்டுக்கு நாலு வைஃபை கேமரா, ஆறு பல்பு, மூணு பிளக் வாங்கிப் போட்டோம். பங்காளிகள் எல்லாம் வெளியூரில், பெரியப்பா மகன் சிங்கப்பூரில், வீட்டில் ஆச்சி மட்டும்தான். நான் காரைக்குடியிலிருந்து வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன்.

முதல் இரண்டு வருடம் அப்டேட் ஒழுங்காக வந்தது. அப்புறம் ஆப்பைத் திறந்தால் "இதுதான் புதிய பதிப்பு" என்று மட்டும் காட்டும். நானும் சரி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதில் ஏமாறாதீர்கள். அதற்கு மேல் வேறு பதிப்பு வரவில்லை என்பதுதான் அந்த வரிக்குப் பொருள், பாதுகாப்பு ஓட்டை எதுவும் இல்லை என்பதல்ல. 2023-இல் ஒருநாள் முகப்புக் கேமராவின் தகவல் பக்கத்தில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் `Build 210914` என்று இருந்ததைக் கவனித்தேன். அதாவது 2021-ஆம் வருடம், 9-ஆம் மாதம், 14-ஆம் தேதி. இரண்டு வருடமாக ஒன்றுமே வரவில்லை. கம்பெனியின் பக்கத்தில் தேடினால் எங்கள் மாடல் பழைய பொருள் பட்டியலுக்குப் போயிருந்தது, எங்களுக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை.

தூக்கிப்போடுவதற்கு முன், இணையம் இல்லாமலே கேமரா வேலை செய்யுமா என்று ஒரு சின்னச் சோதனை செய்தேன். ரவுட்டரில் வெளியிலிருந்து வரும் இணைய வயரைக் கழற்றிவிட்டு, வீட்டு வைஃபையிலேயே இருக்கும் லேப்டாப்பில் விஎல்சி பிளேயரைத் திறந்து, நெட்வொர்க் ஸ்ட்ரீம் என்ற இடத்தில் இப்படி ஒரு முகவரி கொடுத்தேன்:

```
rtsp://user:password@192.168.1.21:554/stream1
```

`user`, `password`, ஐபி எண் இருக்கும் இடங்களில் உங்கள் கேமராவுடையதைப் போடுங்கள். கடைசியில் வரும் `stream1` கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில கேமராவில் இப்படி நேரடியாகப் படம் அனுப்பும் ஆர்டிஎஸ்பி வசதியை முதலில் ஆப்பில் போய் ஆன் செய்ய வேண்டும். மூன்று கேமராவில் படம் வந்தது. வளவில் இருந்த நாலாவது கேமரா கம்பெனி சர்வர் வழியாக மட்டுமே பேசும், இணையம் இல்லாமல் அதில் ஒன்றுமே வரவில்லை. அதற்கு வைத்தியம் கிடையாது, ரீசெட் செய்து கழற்றிவிட்டேன். வீட்டுக்குள்ளே பார்க்கும் கேமராவைப் பாதுகாப்பில்லாமல் வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஆச்சி நடமாடும் இடம் அது.

மற்ற மூன்றுக்கும் ரவுட்டரில் நிலையான ஐபி கொடுத்து, அந்த மூன்றும் இணையத்துக்குப் போகவே கூடாது என்று தடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு என்ற பகுதியிலேயே பல ரவுட்டர்களில் இது இருக்கும். கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வெளிவழி திறந்துகொள்ள விடும் யூபிஎன்பியையும் அணைத்தேன். படம் எல்லாம் இப்போது வீட்டிலேயே என்விஆர் என்ற ஒரு ரெக்கார்டர் பெட்டியில் பதிவாகிறது.

அடுத்து அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பார்க்க வேண்டுமே. தெரிந்தவர் ஒருவர் ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள், திருத்தமே வராத கேமராவை ஊருக்கே திறந்துவைப்பது அது. 2016-இல் மிராய் வைரஸ் பிடித்தவற்றில் ஏராளமானவை இப்படி வெளியில் தெரிந்த, கம்பெனி பாஸ்வேர்டே மாற்றாத கேமராக்களும் ரெக்கார்டர்களும்தான். நான் ஒரு பழைய லேப்டாப்பில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு, வீட்டு நெட்வொர்க்குக்கு வழிவிடும்படி அமைத்தேன். அண்ணன் தன் போனில் அதை ஆன் செய்து என்விஆரைப் பார்க்கிறார். நம் ஊர் ஃபைபர் இணைப்பு பலவற்றில் தனி ஐபி கிடைக்காது, அதனால் இதுதான் எளிது.

ஒரு மாதம் கழித்துத்தான் ஒரு கோளாறு தெரிந்தது. மதியம் கரண்ட் போய் வந்த பிறகு பின்கட்டுக் கேமராவின் படத்தில் தேதி 1970 ஜனவரி 1 என்று ஓடியது. கேமராவுக்குள் கடிகார பேட்டரி இல்லை, ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் இணையத்தில்தான் நேரம் கேட்கும், நான்தான் அதைத் தடுத்துவிட்டேனே! கேமராவின் நேர அமைப்பில் என்விஆரின் ஐபியைக் கொடுத்ததும் சரியானது. திருட்டு என்று ஒன்று நடந்து போலீஸில் பதிவைக் கொடுக்க நேர்ந்தால் தேதி தப்பாக இருக்கக் கூடாது, ஆகவே தடுத்த அன்றே ஒருமுறை கரண்டை அணைத்துப் போட்டுப் பாருங்கள். ஆப்பில் வரும் ஆள் நடமாட்ட அறிவிப்பும் நின்றுபோனது, அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டோம்.

பிளக்குக்கும் பல்புக்கும் இன்னும் அப்டேட் வருகிறது. அவற்றை ஒவ்வொன்றாக, கரண்ட் நிலையாக இருக்கும் காலை நேரத்தில் போடுகிறேன். பாதியில் கரண்ட் போய் பட்டாசாலையில் ஒரு பல்பு அப்படியே செத்துவிட்டது. கிணற்று மோட்டார் மாட்டியிருக்கும் 16 ஆம்பியர் பிளக்கை, மோட்டாரின் வயரைக் கழற்றிய பிறகுதான் அப்டேட் செய்வேன், முடிந்து மறுபடி எழும்போது பிளக் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆக வாய்ப்புண்டு. செத்த பல்பைக் குப்பையில் போடவில்லை. உள்ளே நம் வைஃபை பாஸ்வேர்டு இருக்கும், அது ரீசெட் ஆகும் நிலையிலும் இல்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஆச்சியின் போனில் புதியதைப் போட்டுக்கொடுத்த பிறகுதான் பழைய சாமான்காரரிடம் கொடுத்தேன்.