டொமைன் மாறிய பிறகு கூகுள் லாகின்: 14 மாதப் பயன்பாட்டு அனுபவம்

மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளில் விசைப்படகு வைத்திருப்பவர்களும் மீன் வாங்கும் கம்பெனிகளின் கணக்குப்பிள்ளைகளும் பயன்படுத்தும் பங்குக் கணக்குச் செயலி ஒன்றை நான் பராமரித்து வருகிறேன். அதற்குத் தனியாகக் கடவுச்சொல் கிடையாது. எல்லோரும் கூகுள் கணக்கு வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். சென்ற ஆண்டு அந்தச் செயலியைப் புதிய டொமைனுக்கு மாற்றினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் என்பதால் மே மாதத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் அவர்களுடைய கணக்கு மட்டும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தது. பிழைகள் முதலில் தெரிந்ததும் அவர்களிடமிருந்துதான்.

கீழே பழைய டொமைனை `kanakku.example` என்றும் புதியதை `padagu.example` என்றும் குறிக்கிறேன்.

முதலில் வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். செயலியின் அமைப்பை மாற்றுவதற்கு முன்பே கூகுள் கிளவுட் கன்சோலில் பழைய கிளையன்டைத் திறந்து, லாகின் முடிந்ததும் கூகுள் ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டிய திருப்பு முகவரிகள் இருக்கும் `Authorized redirect URIs` பட்டியலில் புதிய முகவரியைக் கூடுதலாகச் சேர்த்தேன், பழையதை அழிக்கவில்லை. ஒரு கிளையன்டுக்குப் பல முகவரிகள் இருக்கலாம் என்பதால், மாற்றம் நடக்கும் நேரத்தில் இரண்டு டொமைன்களும் வேலை செய்ய இதுவே வழி. புதிதாக இன்னொரு கிளையன்ட் உருவாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வழங்கப்பட்ட ரெஃப்ரெஷ் டோக்கன்கள் பழைய கிளையன்ட் ஐடியோடு பிணைந்தவை. ஐடியை மாற்றினால் அவை பயனற்றுப் போகும். சேமித்த மாற்றம் நடைமுறைக்கு வர 5 நிமிடம் முதல் சில மணி நேரம் வரை ஆகலாம் என்று கன்சோலே குறிப்பிடுகிறது. ஆகவே முதல் நாள் மாலையில் சேர்த்துவிட்டு, மறுநாள்தான் சர்வரில் கை வைத்தேன். அமைப்புக் கோப்பில் மாறியது இந்த ஒரு வரிதான்:

```
OAUTH_REDIRECT_URI=https://padagu.example/auth/google/callback
```

இந்த வரியும் கன்சோலில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நான் கன்சோலில் கைப்பட அடித்தபோது கடைசியில் ஒரு சாய்கோடு சேர்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கூகுளுக்கு அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். கணக்கைத் தேர்ந்தெடுக்கும் திரையே வராமல் `Error 400: redirect_uri_mismatch` என்று நின்றது. இப்படிக் கூகுளின் பக்கத்திலேயே நின்றுவிட்டால், நம் செயலி அனுப்பும் முகவரி கன்சோல் பட்டியலில் இல்லை என்று பொருள். பிழைப் பக்கத்தின் `error details` இணைப்பைத் திறந்து, அங்கே `redirect_uri=` என்ற பகுதிக்குப் பின்னால் உள்ளதைப் பிரதியெடுத்து, கன்சோலில் உள்ளதற்கு நேர் கீழே ஒட்டிப் பார்த்தால் வேறுபாடு அகப்பட்டுவிடும். அன்று முதல் நான் கன்சோலில் கையால் அடிப்பதில்லை. அமைப்புக் கோப்பிலிருந்து பிரதியெடுத்தே ஒட்டுகிறேன்.

இரண்டாவது பிழைதான் என்னை ஒரு பகல் முழுவதும் உட்கார வைத்தது. பாம்பனிலிருந்து நாட்டுப்படகுக் கணக்கு எழுதும் ஒருவர் விடியற்காலையில் அழைத்து, "தம்பி, கூகுள் என் பேரைக் காட்டுது, அதைத் தொட்டா நம்ம பக்கத்துக்கே திரும்பி வந்து, உள்நுழைய முடியலைன்னு நிக்குது" என்றார். அவர் சொன்ன அந்த வரிசையே விடையைச் சொல்லிவிட்டது என்று பிறகுதான் உணர்ந்தேன். பெயரைக் காட்டும் திரை வந்துவிட்டதால் கன்சோலில் குற்றமில்லை; திரும்பி வந்த பிறகு நம் சர்வர் செய்யும் வேலையில்தான் கோளாறு.

கூகுள் நம்மிடம் திருப்பி அனுப்புவது ஒரு தற்காலிகக் குறியீடு மட்டுமே. அதைக் கொடுத்து டோக்கன் வாங்க நம் சர்வர் கூகுளை மறுபடியும் அணுகும்போது, முதலில் சொன்ன அதே திருப்பு முகவரியை மீண்டும் சொல்ல வேண்டும். என் நிரலில் முதல் படி மேற்கண்ட அமைப்பு வரியிலிருந்து முகவரியை எடுத்தது. இரண்டாம் படியோ வந்த கோரிக்கையைப் பார்த்துத் தானே முகவரியைக் கட்டியது. செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் நிற்கிறது. வெளியே எச்டிடிபிஎஸ் ஆக இருந்தாலும் உள்ளே செயலிக்குச் சாதாரண எச்டிடிபியாகவே கோரிக்கை போய்ச் சேரும். வெளியே வந்தது எச்டிடிபிஎஸ் என்று செயலிக்குச் சொல்வது என்ஜின்எக்ஸ் அமைப்பில் பழைய டொமைனின் பகுதியில் இருந்த இந்த வரிதான்; அதைப் புதிய பகுதிக்கு எடுத்துவர நான் மறந்திருந்தேன்:

```
proxy_set_header X-Forwarded-Proto $scheme;
```

அதனால் இரண்டாம் படியில் முகவரி `http://` என்று தொடங்கியது. சர்வர் பதிவேட்டில் கூகுளின் பதிலாக அதே `redirect_uri_mismatch` பதிவாகியிருந்தது. சொல் ஒன்றாக இருந்ததால், நான் மீண்டும் மீண்டும் கன்சோலையே திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரியைச் சேர்த்ததோடு நிற்காமல், இரண்டு படிகளும் ஒரே அமைப்பு வரியையே படிக்கும்படி நிரலையும் திருத்தினேன். இந்தத் திருத்தத்திற்குப் பிறகு 14 மாதங்களில் அந்தப் பிழை ஒருமுறைகூட வரவில்லை.

மூன்றாவது சிக்கல் ஒரு வாரம் கழித்து வந்தது. அதுவும் சிலருக்கு மட்டும். விசாரித்தபோது, அவர்கள் எல்லோரும் தொலைபேசியின் முகப்புத் திரையில் வைத்திருந்த பழைய ஐகானைத் தொட்டு வருபவர்கள். பழைய டொமைனில் நான் செயலியையே இன்னும் ஓடவிட்டிருந்தேன். அவர்கள் பழைய டொமைனில் லாகினைத் தொடங்கினார்கள். லாகினைத் தொடங்கியவரும் திரும்பி வருபவரும் ஒருவரே என்று சரிபார்க்க உதவும் `state` மதிப்பு அப்போது அந்த டொமைனின் குக்கியில் பதிவானது. கூகுள் அவர்களைப் புதிய டொமைனுக்குத் திருப்பியது. அங்கே அந்தக் குக்கி கிடையாது. ஒப்பிட ஒன்றுமில்லாததால் செயலி மறுத்துவிட்டது, அது மறுப்பதும் சரியே. அந்தச் சரிபார்ப்பைத் தளர்த்துவது பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாகும். லாகின் தொடங்குவதற்கு முன்பே ஆளைப் புதிய டொமைனுக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு:

```
server_name kanakku.example;
return 301 https://padagu.example$request_uri;
```

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆனால் இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. வழிமாற்றம் மட்டுமே செய்கிறது என்பதற்காகப் பழைய டொமைனின் எச்டிடிபிஎஸ் சான்றிதழை விட்டுவிடக் கூடாது. புதுப்பிக்கும் பட்டியலிலிருந்து பழைய பெயரை நான் எடுத்துவிட்டேன். 90 நாள் சான்றிதழ் காலாவதியானதும், பழைய ஐகானைத் தொட்டவர்களுக்கு வழிமாற்றத்திற்கு முன்பே உலாவியின் எச்சரிக்கைத் திரை வந்துவிட்டது. அப்போது தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. ஏலம் முடிந்து பங்கு பிரிக்கும் நேரத்தில் கணக்கைத் திறக்க முடியாமல் அவர்கள் காத்திருந்ததை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

கன்சோலில் புதிய முகவரியைச் சேர்க்கும்போது அனுமதிக்கப்பட்ட டொமைன் பட்டியலில் அது தானாகச் சேர்ந்துகொண்டது. முகப்புப் பக்கம், தனியுரிமைக் கொள்கை ஆகியவற்றின் இணைப்புகளை மட்டும் நானே மாற்றினேன்.

பழைய திருப்பு முகவரியை எப்போது அழிப்பது என்பதற்கு நான் சர்வர் பதிவேட்டையே நம்பினேன். பழைய டொமைனின் `/auth/google/callback` பாதைக்கு இரண்டு வாரங்கள் ஒரு வருகையும் இல்லை என்று உறுதியான பிறகு கன்சோலிலிருந்து நீக்கினேன். டொமைனை வேறு ஒருவர் வாங்க நேர்ந்தால், பட்டியலில் மறந்து விடப்பட்ட முகவரி வழியாக நம் பயனர்களின் குறியீடுகள் அவர் கைக்குப் போக வாய்ப்புண்டு. கிளையன்ட் ரகசியம் இல்லாமல் அவற்றை டோக்கனாக மாற்ற முடியாது என்றாலும், அந்த வாசலைத் திறந்து வைக்கக் காரணமே இல்லை. டொமைனை மட்டும் பணம் கட்டி வைத்திருக்கிறேன். சென்ற மாதப் பதிவேட்டிலும் பழைய ஐகான் வழியாக நான்கு தொலைபேசிகள் வந்து போயிருக்கின்றன.